சிறிய கிளினிக்கில் பராமரிப்பு அட்டவணையும் பதிவேடும்: ஆட்டோகிளேவிலிருந்து தொடங்குங்கள்

"ஒரு சிறிய கிளினிக்கின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், தொழில்நுட்பம் படித்தவன் அல்ல. ஆட்டோகிளேவ், மருந்துக் குளிர்பெட்டி, ஈ.சி.ஜி., நெபுலைசர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்று மொத்தம் 11 கருவிகள் இருக்கின்றன. இதுவரை எது கெட்டுப்போகிறதோ அதற்குத்தான் ஆளைக் கூப்பிட்டிருக்கிறோம். எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எதை எழுதிவைக்க வேண்டும்?"

மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை. அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல விரும்புவது, 11 கருவிகளுக்கும் ஒரே நாளில் அட்டவணை எழுத உட்காராதீர்கள் என்பதுதான். அப்படி எழுதப்பட்ட அட்டவணைகளைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எல்லாக் கருவிக்கும் "சுத்தம் செய்தல், சோதித்தல், எண்ணெய் இடுதல்" என்று ஒரே வரி இருக்கும். இரண்டு மாதத்தில் அந்தத் தாள் சுவரிலேயே பழுத்துப்போகும். ஒரே ஒரு கருவியை எடுத்து, அது எப்படியெல்லாம் கெடும் என்று தெரிந்துகொண்டு, அதற்கான அட்டவணையையும் பதிவேட்டையும் இரண்டு மாதம் நடத்திப் பாருங்கள். மற்றவற்றுக்கு அதே முறை தானாக வந்துவிடும்.

அந்த ஒன்று ஆட்டோகிளேவாக இருக்கட்டும் என்பேன். ஈ.சி.ஜி. கெட்டால் கோடு வராது, நெபுலைசர் கெட்டால் புகை வராது, உடனே தெரிந்துவிடும். ஆட்டோகிளேவ் அப்படியல்ல. விளக்கு எரியும், முள் ஏறும், நீராவி சீறும், எல்லாம் சரியாக நடந்ததுபோலவே இருக்கும். உள்ளே இருந்த கருவிகள் மட்டும் கிருமி நீங்காமல் வெளியே வந்திருக்கும். தன் பழுதை மறைத்துக்கொள்ளும் கருவிதான் அட்டவணையில் முதலிடம் பெற வேண்டியது. பெரிய மருத்துவமனைகளில் இதற்கு மதிப்பெண் முறை உண்டு. 1989இல் ஃபென்னிகோ, ஸ்மித் என்ற இருவர் வகுத்த முறையில், கருவியின் பயன், அதனால் நேரக்கூடிய ஆபத்து, அதற்குத் தேவைப்படும் பராமரிப்பு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டி, 12 அல்லது அதற்கு மேல் வந்தால் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ப்பார்கள். உங்களிடம் இருப்பவை 11 மட்டுமே என்பதால் கணக்குப் போடத் தேவையில்லை. "இது கெட்டுப்போனது எனக்குத் தெரியாமலிருந்தால் யாருக்கு என்ன ஆகும்?" என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டாலே வரிசை கிடைத்துவிடும்.

அட்டவணைக்கு முன்னால் அரை நாள் வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுத்து அதன் உடலில் ஒட்டுங்கள். ஒரு நோட்டில் கருவிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த எண், தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி, சர்வீஸுக்கு யாரை அழைப்பது, பயன்பாட்டுக் கையேடு எங்கே இருக்கிறது என்பவற்றை எழுதுங்கள். கையேடு தொலைந்திருந்தால், மாடல் எண்ணைச் சொல்லித் தயாரித்தவரிடமிருந்தே கேட்டு வாங்குங்கள். கீழே நான் சொல்லும் கால இடைவெளிகளும் உங்கள் கையேடும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்ற வேண்டும். என் எண்கள் பொதுவானவை, கையேடு உங்கள் கருவிக்கென்றே எழுதப்பட்டது.

இனி ஆட்டோகிளேவ். சிறிய இடங்களில் பெரும்பாலும் இருப்பது, அடியில் தண்ணீரும் ஹீட்டரும், மேலே இறுக்கு நட்டுகளோடு மூடியும், காற்றை வெளியேற்ற ஒரு சிறு வால்வும் கொண்ட செங்குத்து வகை. அதையே எடுத்துக்கொள்கிறேன். வெற்றிடப் பம்ப் உள்ள வகையாக இருந்தால் காற்று முழுவதும் வெளியேறியதா என்று அன்றாடம் பார்க்கும் போவி-டிக் சோதனையும், கசிவுச் சோதனையும் கூடுதலாக வேண்டும். அவை செங்குத்து வகைக்குப் பொருந்தா.

இந்தக் கருவி கெடும் வழிகளில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, உள்ளே காற்று தங்கிவிடுவது. பலரும் நம்புவது அழுத்தமானியின் முள்ளை. ஆனால் கிருமியைக் கொல்வது அழுத்தம் அல்ல, நிறைவுற்ற நீராவியின் வெப்பம். காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி செல்சியஸ் இருக்கும். காற்றில் பாதி உள்ளேயே தங்கியிருந்தால், முள் அதே 15ஐத்தான் காட்டும், வெப்பம் மட்டும் 112 டிகிரி அளவில் நின்றுவிடும். காற்றும் சேர்ந்து முள்ளைத் தள்ளுகிறது என்பதே காரணம். காற்று வால்வை அவசரமாக மூடுவது, வால்வின் துளை அடைத்துக்கொள்வது, உள்ளே கட்டுகளை நெருக்கி அடுக்குவது ஆகிய மூன்றாலும் இது நேரும். தெர்மாமீட்டர் உள்ள கருவியானால் அழுத்தமும் வெப்பமும் பொருந்தவில்லை என்பதிலேயே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் நீராவியின் வெப்பத்துக்கு வினைபுரியும் வேதிக் காட்டியும், பாக்டீரியா வித்துகள் கொண்ட உயிரியல் காட்டியும்தான் துணை. இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை: அழுத்தத்தை மட்டும் எழுதிவைத்த பதிவேடு, கருவிகள் கிருமி நீக்கப்பட்டதற்குச் சான்று ஆகாது.

இரண்டாவது, மூடியின் கேஸ்கெட். சிலிகோன் ரப்பர் வளையம் வெப்பத்தில் மெல்ல மெல்ல இறுகி, அழுந்திய இடத்தில் தட்டையாகி, நீராவியைக் கசியவிடும். இது திடீரென்று நேர்வதில்லை. வாரக்கணக்கில் அறிகுறி காட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, ஹீட்டர். கடின நீரைப் பயன்படுத்தினால் அதன்மேல் உப்புப் படிந்து கெட்டியாகும். இங்கே பரவலான ஒரு தவறான கருத்து உண்டு. உப்புப் படிந்தால் தண்ணீர் சூடாக நேரமாகும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். மின் ஹீட்டரில் அப்படிப் பெரிதாக நேராது. அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும், வெப்பமும் எப்படியாவது தண்ணீருக்குத்தான் போகும். உப்புப் போர்வைக்குள் ஹீட்டரின் உலோகம் மட்டும் மேலும் மேலும் சூடேறி, ஒரு நாள் எரிந்துபோகும். ஆகவே ஹீட்டரின் நிலையைக் கடிகாரம் சொல்லாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரையோ உப்பு நீக்கிய நீரையோ மட்டும் ஊற்றுவது, இந்தக் கருவிக்கு நீங்கள் செய்யக்கூடிய பராமரிப்பில் பெரும்பகுதி.

நான்காவது, பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும். பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொண்டால் கலன் வெடிக்கும் அபாயம் இருக்கிறது. அழுத்தமானி பிசகினால் நீங்கள் எழுதும் எண்ணே பொய்யாகிவிடும். இவை இரண்டையும் உங்கள் ஆட்கள் கண்ணால் பார்க்கலாம், திருகக் கூடாது. கருவி ஆறிய பின், அழுத்தம் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். வால்வைத் திறந்து சரிசெய்வதும், மானியைச் சான்று பெற்ற மானியோடு ஒப்பிடுவதும் அதற்கெனத் தகுதி பெற்றவரின் வேலை. கசிகிற பாதுகாப்பு வால்வைக் கம்பியாலோ துணியாலோ கட்டி அடக்கி ஓட்டுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் பதற்றமாக இருக்கிறது. அப்படி ஒரு வால்வைப் பார்த்தால் மின்சாரத்தை நிறுத்தி, அழுத்தம் தானாக இறங்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

இந்த நான்கிலிருந்துதான் அட்டவணை பிறக்கிறது. ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்திற்கு முன், ஈரத் துணியால் கேஸ்கெட்டையும் அது உட்காரும் விளிம்பையும் துடைக்க வேண்டும், தண்ணீர் மட்டம் ஹீட்டருக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மூன்று நிமிடம் போதும். ஒவ்வொரு கட்டின் மேலும் நிறம் மாறும் டேப் ஒட்ட வேண்டும். ஆனால் அந்த டேப், கட்டு கருவிக்குள் போய்ச் சூடேறி வந்தது என்பதற்கு மட்டுமே அடையாளம் என்பதை எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். நேரம், வெப்பம், நீராவி மூன்றுக்கும் ஒருசேர வினைபுரியும் 5ஆம் வகை வேதிக் காட்டி ஒன்றைக் கட்டின் நடுவே வைத்தால் கிடைக்கும் உறுதி அதைவிட அதிகம்.

வாரம் ஒருமுறை பழைய நீரை வடித்து, உட்சுவரையும் ஹீட்டரையும் கழுவிப் பார்க்க வேண்டும், காற்று வால்வின் துளை அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதே வாரத்தில் ஒருமுறை உயிரியல் காட்டி வைத்து ஓட்ட வேண்டும். வெப்பத்தை மிகவும் தாங்கக்கூடிய ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கும். ஓட்டத்திற்குப் பின் அவை வளர்கின்றனவா என்று பார்ப்பதே சோதனை. அதே பெட்டியிலிருந்து ஒன்றை ஆட்டோகிளேவில் வைக்காமல் தனியே வளர்த்துப் பார்க்கவும் வேண்டும். அது வளராவிட்டால் வித்துகள் ஏற்கெனவே இறந்திருக்கின்றன என்று பொருள், அந்த வாரச் சோதனையே செல்லாது. இந்த ஒப்பீட்டுக் குழாயைப் பல இடங்களில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை கேஸ்கெட்டைக் கழற்றி, முழுச் சுற்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் உடனே மீள வேண்டும். மீளாத இடம், வெடிப்பு, பளபளவென்று தட்டையான பகுதி எது தென்பட்டாலும் புதியது போட வேண்டும். மின் கம்பி, பிளக் ஆகியவற்றில் கருகல் இருக்கிறதா என்றும் இதே நாளில் பார்க்கலாம், ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பின். ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற ஆள் வந்து பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி, எர்த் இணைப்பு, மின் கசிவு ஆகியவற்றைக் கருவி வைத்துச் சோதித்து, அளந்த எண்களோடு எழுதிக் கொடுக்க வேண்டும். "சர்வீஸ் செய்யப்பட்டது, நன்றாக இயங்குகிறது" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள்.

இந்த இடைவெளிகளில் எது உறுதி, எது தோராயம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உயிரியல் காட்டி குறைந்தது வாரம் ஒருமுறை என்பது பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை. கேஸ்கெட்டுக்கு மாதம் ஒருமுறை என்பது என் தொடக்க மதிப்பீடு மட்டுமே. நாளுக்கு ஒரு ஓட்டம் ஓடும் கருவிக்கும் ஆறு ஓட்டம் ஓடும் கருவிக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. இப்படிப்பட்ட மெல்லத் தேயும் பாகங்களுக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. முதல் அறிகுறி கண்ணுக்குத் தெரிவதற்கும் கருவி உண்மையிலேயே நின்றுபோவதற்கும் இடையே எத்தனை நாள் கிடைக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் சோதனை இடைவெளி போகக் கூடாது. கேஸ்கெட் தட்டையாகத் தொடங்கியது முதல் அழுத்தமே ஏறாத நிலை வரை எட்டு வாரம் ஆகிறது என்றால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நான்கே வாரத்தில் கதை முடிகிறது என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த எட்டா நான்கா என்பதை உங்கள் பதிவேடுதான் உங்களுக்குச் சொல்ல முடியும். ஆகவே முதல் ஆண்டில் அட்டவணையைப் பென்சிலால் எழுதுங்கள். தொடர்ந்து நான்கு முறை பார்த்தும் எதுவும் கிடைக்காத சோதனையின் இடைவெளியை நீட்டலாம்; ஒவ்வொரு முறையும் ஏதாவது கிடைக்கிறது என்றால் சுருக்க வேண்டும். பாதுகாப்பு வால்வுக்கும் உயிரியல் காட்டிக்கும் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

இப்போது பதிவேடு. இதில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே ஒரு விஷயத்தில்: எங்கே எண் எழுத முடியுமோ அங்கே டிக் குறியை அனுமதிக்காதீர்கள். ஓரிடத்தில் ஒரு மாதத் தாளைப் பார்த்தேன். 30 நாளுக்கும் டிக் இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. நடுவில் கிளினிக் மூடியிருந்த விடுமுறை நாளுக்கும் டிக் விழுந்திருந்தது. எழுதிய பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "சரிபார்க்கப்பட்டது" என்ற கட்டம், சரிபார்க்காமலே நிரப்பக்கூடிய கட்டம். அப்படி ஒரு கட்டத்தைக் கொடுத்தவரின் பிழை அது. "18 நிமிடம்" என்று எழுத வேண்டுமென்றால் கருவி முன்னால் ஒருவர் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். கற்பனையாக எழுதினாலும் நாலைந்து நாளில் எண்கள் அளவுக்கு மீறி ஒரே மாதிரி இருந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆட்டோகிளேவ் பதிவேட்டில் ஒரு ஓட்டத்திற்கு ஒரு வரி. அதில் தேதி, அன்றைய எத்தனையாவது ஓட்டம், உள்ளே வைத்தவை, மின்சாரம் கொடுத்த நேரம், 121 டிகிரியைத் தொட்ட நேரம், அந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் நின்றது, காட்டியின் முடிவு, பெயர் ஆகியவை இருக்க வேண்டும். நாள் முடிவில், குறித்துவைத்த கோடு வரை தண்ணீரை நிரப்ப எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருந்தது என்று ஒரு எண். அதற்கு ஒரு அளவுக் குவளையைக் கருவியின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். எடுத்து வர நடக்க வேண்டியிருந்தால் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். சூடேறும் நேரம், ஊற்றிய தண்ணீர் ஆகிய இரண்டு எண்களும் சேர்ந்து எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

நான் பராமரிப்புப் பார்த்துவந்த ஒரு கிளினிக்கில் 2 கிலோவாட் ஹீட்டர் கொண்ட செங்குத்து ஆட்டோகிளேவ் இருந்தது. நாளுக்கு இரண்டு ஓட்டம். காலை முதல் ஓட்டம் 121 டிகிரியைத் தொட 18 நிமிடம், நாளுக்கு ஊற்றும் தண்ணீர் 300 மில்லி என்ற அளவில் பல வாரம் எண்கள் சீராக இருந்தன. பிறகு 19 ஆனது, சில நாளில் 20, ஆறாவது வாரத்தில் 22. ஓட்டியவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை, தெரியவும் முடியாது; நான்கு நிமிட வித்தியாசம் ஆறு வாரத்தில் பரவி வந்தால் யார் மனமும் அதைக் கணக்கில் எடுக்காது. தாளில் வரிசையாகப் பார்த்தபோதுதான் ஏற்றம் தெரிந்தது.

நான் முதலில் ஐயப்பட்டது மின்னழுத்தத்தை. ஹீட்டரின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1,500 வாட்தான் தரும். 18 நிமிடம் 24 ஆகிவிடும். அதாவது மின்னழுத்தம் 13 சதவீதம் குறைந்தாலே நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் மின்னழுத்தக் குறைவு என்றால் நேரம் நாளுக்கு நாள் ஏறியிறங்கியிருக்க வேண்டும். இங்கோ எண்கள் ஒரே திசையில் ஏறின. அடுத்து, தண்ணீர்க் கட்டத்தைப் பார்த்தேன். 300 மில்லி 900 ஆகியிருந்தது. ஓட்டத்துக்கு 300 மில்லி கூடுதல் தண்ணீர் எங்கோ நீராவியாகப் போய்க்கொண்டிருந்தது. 300 மில்லியை ஆவியாக்க 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை நிமிட உழைப்பு வேண்டும். அதில் ஒரு பகுதி சூடேறும்போதும் மற்றது 121இல் நிற்கும்போதும் செலவாகிறது என்று வைத்தால், கூடிய நான்கு நிமிடம் கணக்கில் பொருந்திவிடுகிறது. தண்ணீர் கூடாமல் நேரம் மட்டும் கூடியிருந்தால் மின்னழுத்தம், தளர்ந்த மின் இணைப்பு, இரண்டு ஹீட்டர் உள்ள கருவியில் ஒன்று எரிந்துபோனது ஆகியவற்றைத் தேடியிருப்பேன். ஹீட்டர்களில் ஒன்று போனால் நேரம் மெல்ல ஏறாது, ஒரே நாளில் இரு மடங்காகும்.

மூடியைக் கழற்றிப் பார்த்ததில், கேஸ்கெட்டின் ஒரு பக்கம் ஒரு விரல் நீளத்திற்குத் தட்டையாகி மினுமினுத்தது. அதற்கு நேர் கீழே கலனின் வெளிப்புறத்தில் நீர் வழிந்த தடம் தூசியில் கோடாகத் தெரிந்தது. கேஸ்கெட்டுக்கு வயது ஆகவில்லை, போட்டு ஐந்து மாதம்தான். ஓட்டும் பெண்ணை வழக்கம்போல மூடச் சொல்லிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. கைக்கு எட்டும் நட்டை முதலில் இறுதிவரை இறுக்கிவிட்டு, பிறகு சுற்றிவந்து மற்றவற்றை இறுக்கினார். மூடி ஒரு பக்கம் முதலில் அமர்ந்து அந்த இடத்தையே தினமும் நசுக்கியிருக்கிறது. எதிரெதிரான இரண்டு நட்டுகளைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு சுற்றாக இறுக்கச் சொல்லிக்கொடுத்தோம். புது கேஸ்கெட் போட்ட மறுநாள் 18 நிமிடம், 300 மில்லி. அந்த இறுக்கும் முறையைத்தான் அன்றைக்கு அட்டவணையின் மேலேயே எழுதி ஒட்டினோம். கேஸ்கெட் மாற்றும் இடைவெளியைக் குறைக்கவில்லை. பராமரிப்பு வரியைக் கூட்டுவதைவிடக் காரணத்தை நீக்குவது மேல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காலை முதல் ஓட்டத்தை முதல் ஓட்டத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் கலனும் நீரும் ஏற்கெனவே சூடாக இருக்கும், நேரம் இயல்பாகவே குறையும். இரண்டையும் கலந்து பார்த்தால் இல்லாத பழுது தெரியும், இருக்கும் பழுது மறைந்துபோகும். அதேபோல நிறைய துணிக் கட்டுகள் வைத்த நாளையும் நாலு கத்தரிக்கோல் வைத்த நாளையும் ஒப்பிட முடியாது. வாரம் ஒருமுறை காலையில் வெறும் கலனை ஓட்டி எடுக்கும் எண்தான் நம்பகமான அளவுகோல். உங்கள் கருவிக்கு 18 நிமிடம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கருவி நன்றாக இருக்கும் காலத்தில் பத்துப் பன்னிரண்டு முறை அளந்து, அதன் இயல்பான எண்ணை அட்டவணையின் தலையில் எழுதுங்கள். அதைவிட மூன்று நிமிடம் கூடினால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரம்பையும் எழுதுங்கள். வரம்பு எழுதப்படாத எண்ணை எழுதுபவர் எழுதிவிட்டுப் போய்விடுவார், படிப்பவர் யாரும் இருக்கமாட்டார்.

பழுதுகளுக்குத் தனி நோட்டு வேண்டும். அன்றாடப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதினால் ஆறு மாதம் கழித்துத் தேடி எடுக்க முடியாது. அதில் எழுத வேண்டியது, கண்டவர் கண்டதை அவர் சொல்லிலேயே. "ஹீட்டர் பிரச்சினை" என்று எழுதினால் அது ஊகம். "முள் 10க்கு மேல் ஏறவில்லை, மூடி பக்கம் சீறல் சத்தம்" என்று எழுதினால் அது சாட்சியம். அதன்பின், வந்து பார்த்தவர் கண்டுபிடித்த காரணம், மாற்றிய பாகம், கருவி எந்தத் தேதியில் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது, யார் ஏற்றுக்கொண்டார் என்பவை. உயிரியல் காட்டி தோல்வி என்று வந்தால் உடனே "பயன்படுத்தக் கூடாது" என்ற அட்டையைக் கருவியில் தொங்கவிட்டு, கடைசியாக வெற்றி பெற்ற சோதனைக்குப் பிறகு ஓட்டிய கட்டுகளையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். எந்தக் கட்டு எந்த ஓட்டத்தில் போனது என்று பதிவேடு சொல்லாவிட்டால் அலமாரியில் இருப்பது முழுவதையும் மீண்டும் ஓட்ட வேண்டிவரும். அதற்காகவே ஓட்ட எண்ணைக் கட்டின் டேப்பிலும் எழுதுங்கள்.

மற்ற பத்துக் கருவிகளைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். தடுப்பூசியோ இன்சுலினோ வைத்திருக்கும் குளிர்பெட்டியில் வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் எண்ணாக எழுதுங்கள், 2க்குக் கீழே போவதும் மேலே போவதைப் போலவே கெடுதல். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் வெளிப்புற வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். அது தரும் ஆக்சிஜனின் செறிவு 82 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பயன்படுத்தக் கூடாது. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும் என்பதால் சர்வீஸுக்கு வருபவர் அளந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். நெபுலைசர், ஈ.சி.ஜி. போன்றவற்றுக்குக் கம்பி, வடிகட்டி, பேட்டரி ஆகியவற்றை மாதம் ஒருமுறை பார்ப்பது ஆரம்பத்துக்குப் போதும்.

இந்த முறையால் தடுக்க முடியாதவையும் இருக்கின்றன. மின்னணுப் பலகைகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் போய்விடும். அவற்றை மாதம் தோறும் திறந்து பார்ப்பதால் பயன் இல்லை, தூசி நுழைவதும் இணைப்புகள் தளர்வதும்தான் மிச்சம். அத்தகைய கருவிகளுக்குப் பராமரிப்பைவிட மாற்று ஏற்பாடு முக்கியம்: அது நின்றுவிட்டால் அன்றைக்கு என்ன செய்வது என்பதை அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். தேயும் பாகங்களுக்கு மட்டும் ஸ்பேர் வாங்குங்கள். ஆட்டோகிளேவுக்கு ஒரு கேஸ்கெட், ஒரு ஹீட்டர், சில ஃபியூஸ் போதும்.

பராமரிப்பே சில வேளை பழுதைக் கொண்டுவரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடலோரக் காவல் விமானங்களை ஆராய்ந்த வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர், திட்டமிட்ட பராமரிப்பு முடிந்த உடனேயே பழுதுகள் கூடி, பிறகு பறக்கப் பறக்கக் குறைவதைக் கண்டார். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தவறாக உட்கார வாய்ப்பு இருக்கிறது. அதனால், சர்வீஸ் ஆள் வந்து போகும் நாளில் அவர் தாளில் நீங்கள் கையெழுத்து போடும் முன், அவரை வைத்துக்கொண்டே வெறும் கலனை ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் 121 டிகிரியைத் தொட்டது, ஓட்டம் முடிந்து ஆறிய பின் எத்தனை மில்லி தண்ணீர் பிடித்தது என்ற இரண்டு எண்களையும் எழுதி, அட்டவணையின் தலையில் இருக்கும் இயல்பான எண்களோடு வைத்துப் பாருங்கள். பொருந்தினால் கையெழுத்து போடலாம்.